ஒரு வாளிக்கு ஒரு மூடி ப்ளீச் போதுமா?

வாசகர் கேள்வி: "போன வாரம் என் மகனுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. இரண்டாம் நாள் எனக்கு, அதற்கடுத்த நாள் கணவருக்கு. இத்தனைக்கும் தினமும் ஆன்டிசெப்டிக் திரவம் ஊற்றித் தரை துடைத்தேன், மேசை, கைப்பிடி எல்லாவற்றிலும் சானிடைசர் தெளித்துத் துடைத்தேன், கைக்கும் சானிடைசர்தான். மாமியாருக்குக் காலில் ஒரு புண் பத்து நாளாக ஆறாமல் இருக்கிறது. அதே ஆன்டிசெப்டிக்கில் தண்ணீர் கலந்து ஒரு பாட்டிலில் வைத்து, தீரத் தீர மேலே ஊற்றி நிரப்பி, அதில்தான் கழுவுகிறேன். இப்போது புண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. எல்லாப் பாட்டிலிலும் 99.9 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, ஏன் வேலை செய்யவில்லை? இப்போது ப்ளீச் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு வாளிக்கு ஒரு மூடி போதுமா?"

முதலில் உங்கள் மாமியாரின் காலைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். அந்தப் பாட்டிலில் இருப்பதை இனி புண்ணில் ஊற்றாதீர்கள். சலைன் இருந்தால் சலைன், இல்லாவிட்டால் சுத்தமான குடிநீரை மெதுவாக ஓடவிட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒத்தி எடுத்து, சுத்தமான காஸ் துணி வைத்து மூடுங்கள். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். நாளைக்கு அது கோட்டைத் தாண்டியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கோடு போட்டுக் காத்திருக்கவே வேண்டாம், இன்றைக்கே காட்டுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் பத்து நாளாக ஆறாத புண்ணை ஒருமுறை காட்டியே ஆக வேண்டும்.

அந்தப் பாட்டிலைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று சொல்கிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு வார்டில் அடுத்தடுத்துச் சிலருக்குப் புண் சீழ் பிடித்தது. எல்லோருடைய சீழிலும் ஒரே பாக்டீரியா, சூடோமோனாஸ். எங்கிருந்து வருகிறது என்று தேடிக் குழாய், தொட்டி, கட்டில் கம்பி எல்லாம் துடைத்தெடுத்துச் சோதித்தோம், எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் டிரெஸ்ஸிங் தள்ளுவண்டியில் இருந்த ஆன்டிசெப்டிக் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் தடவி வைத்தேன். மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்ததும் சூடோமோனாஸுக்கே உரிய திராட்சை வாடை முகத்தில் அடித்தது, தட்டு முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது. கிருமியைக் கொல்ல வைத்த பாட்டிலே அதன் வீடாக இருந்திருக்கிறது. தண்ணீர் கலந்து நீர்த்துப்போன கரைசல், கழுவாத பழைய பாட்டில், தீரத் தீர மேலே நிரப்புவது, இந்த மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். மருந்தைத் தாங்கிக்கொள்ளும் நாலைந்து பாக்டீரியா பாட்டிலின் அடியிலும் மூடியின் திருகிலும் ஒட்டிக்கொண்டு பெருகும், புதிதாக ஊற்றுவது பழையதோடு கலந்துவிடும். உங்கள் பாட்டிலிலும் அதுதான் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. சிவப்பு மருந்தின் எரிச்சலாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்தப் பாட்டிலை அப்படியே குப்பையில் போடுங்கள், கழுவி வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழப்பத்தில் பாதி நம் மொழியில் இருந்தே தொடங்குகிறது, ஏனென்றால் நாம் எல்லாவற்றையும் 'கிருமிநாசினி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் டிஸ்இன்ஃபெக்டன்ட், ஆன்டிசெப்டிக், சானிடைசர் மூன்றும் மூன்று வேலை. உயிரில்லாத பொருளின் மேல், அதாவது தரை, மேசை, கழிப்பறை, கருவி இவற்றின் மேல் இருக்கும் கிருமியைக் கொல்வது டிஸ்இன்ஃபெக்டன்ட். உயிருள்ள தோலின் மேல் பயன்படுத்துவது ஆன்டிசெப்டிக். சானிடைசர் என்பது கிருமியை முழுக்க ஒழிப்பதாகச் சொல்வதில்லை, பாதுகாப்பானது என்று ஏற்றுக்கொண்ட ஒரு அளவுக்கு எண்ணிக்கையைக் குறைப்பது மட்டுமே அதன் பொறுப்பு. உணவு தயாரிக்கும் இடங்களில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்துக்கும் மேடைக்கும் அடிப்பார்களே, அதுதான் உண்மையான சானிடைசர். இதில் ஒரு வேடிக்கை, நாம் கையில் தேய்க்கும் ஹேண்ட் சானிடைசர் பெயரில்தான் சானிடைசர், செய்வது ஆன்டிசெப்டிக் வேலை.

இவை வேதிப்பொருளின் பெயர்கள் அல்ல, வேலையின் பெயர்கள். ஒரே சரக்கு ஒரு செறிவில் தோலுக்கு, இன்னொரு செறிவில் தரைக்கு என்று இரண்டு வேலையும் பார்க்கும். கிருமியைக் கொல்லும் மருந்துக்குப் பாக்டீரியாவின் புரதத்தையும் நம் செல்லின் புரதத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அகப்பட்டதைக் குலைக்கும். நல்ல தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களின் அடுக்கு ஒன்று கவசம் போல இருப்பதால்தான் ஆன்டிசெப்டிக்கை நாம் தாங்குகிறோம். புண்ணில் அந்தக் கவசம் இல்லை. அங்கே வளர்ந்துகொண்டிருக்கும் புதுச் சதை நேராக அடி வாங்குகிறது. ஜோசப் லிஸ்டர் 1865-இல் கார்பாலிக் அமிலம் என்னும் ஃபீனாலை அறுவை சிகிச்சையில் கொண்டுவந்தபோது எத்தனையோ உயிர்கள் பிழைத்தன, ஆனால் அதைப் பயன்படுத்திய மருத்துவர்களின் கைகளையும் அது புண்ணாக்கியது. ஆக ஆன்டிசெப்டிக் என்பது எப்போதும் ஒரு சமரசம்தான்: தோல் தாங்கும் அளவுக்குக் குறைத்து, கிருமி தாங்காத அளவுக்கு வைத்திருப்பது. அந்த இடைவெளி குறுகலானது, அதனால்தான் கண்ணளவில் கலப்பது இதில் எடுபடாது.

இனி 99.9. இந்த எண் பொய் இல்லை, ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள். எந்தெந்தக் கிருமிக்கு, என்ன செறிவில், எத்தனை நிமிடத்தில் என்று போட்டிருக்கும். போடாத பாட்டிலை நான் வாங்கமாட்டேன். அந்த நிமிடக் கணக்குதான் முக்கியம். 1908-இல் லண்டனில் ஹாரியட் சிக் என்ற விஞ்ஞானி, மருந்துபட்டால் கிருமிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை, சம நேரத்தில் சம விகிதம்தான் சாகிறது என்று எண்ணிக் காட்டினார். எளிதாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மருந்து நிமிடத்துக்குப் பத்தில் ஒன்பது கிருமியைக் கொல்கிறது, மேசையில் ஒரு கோடி கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்தின் முடிவில் 10 லட்சம் மிச்சம், இரண்டாவதில் 1 லட்சம், மூன்றாவதில் 10,000. இந்த மூன்றாவது நிமிடத்தில்தான் நீங்கள் படித்த 99.9 வருகிறது. ஒன்றே ஒன்று மிஞ்சும் நிலைக்குப் போக ஏழு நிமிடம் ஆகும். நீங்கள் தெளித்த கையோடு, ஐந்து விநாடியில் துடைத்தீர்கள் என்றால் மருந்து வேலையைத் தொடங்கும்போதே அதைத் துணியில் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

'நேரம்' என்று நான் சொல்வது பரப்பு ஈரமாக இருக்கும் நேரம். காய்ந்த மருந்து கொல்லாது. புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களிடம் நான் ஒரு ஸ்டீல் தள்ளுவண்டியில் மருந்தை அவர்கள் வழக்கம்போல இரண்டு முறை தெளித்து, தேய்த்துப் பரப்பச் சொல்வேன், பிறகு போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுவிட்டு எல்லோரும் சும்மா நின்று பார்ப்போம். மின்விசிறிக் காற்றில் ஓரங்கள் முதலில் மங்கும், நடுவில் மட்டும் தீவு தீவாக ஈரம் மின்னும், ஒரு நிமிடம் ஆவதற்குள் அதுவும் போய்விடும். அதற்கப்புறம் பாட்டிலைத் திருப்பிப் படிப்போம்: ஐந்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று இருக்கும். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். நீங்களும் இதை உங்கள் மேசையில் ஒருமுறை செய்து பாருங்கள், அதன் பிறகு நான் சொல்லவே வேண்டியதில்லை. சொன்ன நேரத்துக்கு முன்னால் காய்ந்தால் மறுபடியும் நனைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது செறிவு. பாதி மருந்து போட்டால் பாதி வேலையாவது நடக்கும், இல்லையென்றால் இரண்டு மடங்கு நேரம் விட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ப்ளீச் போன்ற சிலவற்றில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் ஃபீனால் குடும்பத்தில் நிலைமை வேறு. சிக் எழுதிய அதே 1908-இல் வாட்சன் என்பவர் செறிவையும் நேரத்தையும் இணைத்து ஒரு சமன்பாடு எழுதினார், இன்றும் அதை இரண்டு பேர் பெயரிலும்தான் சொல்கிறோம். அதன்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு அடுக்கு எண் உண்டு. ஃபீனாலுக்கு அது ஏறத்தாழ 6. அப்படியென்றால் செறிவைப் பாதியாக்கினால் அதே அளவு கொல்வதற்கு ஆகும் நேரம் இரண்டு மடங்கு இல்லை, இரண்டை ஆறு முறை பெருக்கிய 64 மடங்கு. ஒரு நிமிட வேலை ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விடும். வீட்டில் இருக்கும் ஆன்டிசெப்டிக் திரவங்களில் பலவற்றின் சரக்கு குளோரோசைலினால், அதுவும் இந்தக் குடும்பம்தான். வாளித் தண்ணீரில் அதைக் கண்ணளவில் கொஞ்சம் ஊற்றித் துடைத்தால் வீடு மணக்கும், தண்ணீர் பால் போல வெளுக்கும், அதனால் வேலை நடப்பது போலவும் இருக்கும். மணமும் வெளுப்பும் அந்தத் திரவம் மிகச் சொற்பமாக இருந்தாலே வந்துவிடும், கொல்லும் திறன் வராது. வாசனையை வைத்து வீரியத்தை எடை போடாதீர்கள்.

ஆல்கஹாலுக்கு இந்த அடுக்கு எண் இன்னும் அதிகம், சுமார் 10, அதனால் செறிவு கொஞ்சம் இறங்கினாலும் வேலை படுத்துவிடும். கைக்கான சானிடைசரில் ஆல்கஹால் 60 முதல் 80 சதவீதத்துக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குக் கீழே வேகமாகச் சரிகிறது. மேலே போனாலும் நல்லதில்லை, புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரும் கூட இருக்க வேண்டும், தூய ஆல்கஹால் 70 சதவீதக் கரைசலைவிட மோசமாகவே வேலை செய்யும், சீக்கிரம் ஆவியாகியும் போகும். ஈரக் கையில் சானிடைசர் தேய்ப்பதைப் பலர் செய்கிறார்கள். 70 சதவீத ஜெல் 3 மில்லி எடுக்கிறீர்கள், கையில் ஏற்கெனவே ஒன்றரை மில்லி தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்றால், கையில் இருப்பது இப்போது 47 சதவீதம்தான். பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது வேறு மருந்து. கையைத் துடைத்துக் காயவைத்துவிட்டு, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் நனையும் அளவுக்கு எடுத்து, 20 முதல் 30 விநாடி காயும்வரை தேய்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டுக் கதையில் சானிடைசரைச் சரியாகத் தேய்த்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. சோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, இருந்தாலும் திடீரென்று வாந்தி, பேதி, ஓரிரு நாளில் வீட்டில் ஒவ்வொருவராக விழுவது என்றால் நோரோவைரஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். சில வைரஸ்களுக்கு மேலே கொழுப்பால் ஆன ஒரு உறை இருக்கும், இன்ஃபுளுயன்சா, கொரோனா எல்லாம் அப்படித்தான். ஆல்கஹால் அந்த உறையைக் கரைத்துவிடும், கதை முடிந்தது. நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது, கரைப்பதற்கு எதுவும் இல்லாத கெட்டியான புரத ஓடு மட்டும்தான், அதனால் ஆல்கஹால் அதனிடம் தடுமாறுகிறது. ஆகவே இந்த நோய்க்கு முதல் ஆயுதம் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். சோப்பு இந்த வைரஸைக் கொல்கிறது என்று சொல்லமாட்டேன், தோலில் இருந்து பெயர்த்தெடுத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது, 20 விநாடியாவது தேய்த்தால். போய்விட்டால் போதுமே, கொல்ல வேண்டிய அவசியம் என்ன?

இந்த வைரஸோடு 99.9-ஐச் சேர்த்துப் பாருங்கள். நோய் வருவதற்கு நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் வயிற்றுக்குள் போனாலே போதும். நோயாளியின் மலத்தில் ஒரு கிராமில் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு கோடி துகள் கிடக்கும் இடத்தில் 99.9 சதவீதத்தைக் கொன்றால் 10,000 மிச்சம். அது நூறு பேருக்கு நோய் கொடுக்கப் போதுமானது. அதனால்தான் கொல்வதற்கு முன்னால் அள்ளிக் கழுவுவதை நாங்கள் அவ்வளவு வலியுறுத்துகிறோம், முதலில் கூட்டத்தைக் குறைத்துவிட்டால் மருந்து சொன்ன விகிதத்தில் கொன்றாலும் மிஞ்சுவது சொற்பமாக இருக்கும்.

இப்போது ப்ளீச்சும் உங்கள் மூடியும். பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்று இருந்தால் (பாருங்கள், வேறு அளவாகவும் இருக்கலாம்) அது 50,000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50,000 பங்கு. மூடி சுமார் 10 மில்லி பிடிக்கும், வாளி 10 லிட்டர் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்துவிடும், உங்கள் வாளியில் இருப்பது 50 பிபிஎம். நோரோவைரஸ் பட்ட இடத்துக்குத் தேவைப்படுவது 1,000 முதல் 5,000 பிபிஎம். குறைந்தபட்சத்துக்கே இருபது மடங்கு குறைவாக இருக்கிறது. எனவே போதாது.

சரியான கணக்கு இது. கைப்பிடி, சுவிட்ச், குழாய், கழிப்பறையின் ஃபிளஷ் பொத்தான் போன்ற அடிக்கடி தொடும் இடங்களுக்கு 1,000 பிபிஎம்: 5 சதவீத ப்ளீச் 20 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். வாந்தியோ மலமோ நேராகப் பட்ட இடத்துக்கு 5,000 பிபிஎம்: ப்ளீச் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி. பாட்டிலில் 5-க்குப் பதில் 4 என்று போட்டிருந்தால் 20-க்குப் பதில் 25 மில்லி, 100-க்குப் பதில் 125 மில்லி. மருந்துக் குப்பியோடு வரும் அளவுக் கோப்பை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மூடியை நம்பவேண்டாம். குளிர்ந்த தண்ணீரே போதும். மருத்துவமனையில் குளோரின் சோதனைப் பட்டையை நனைத்து நிறம் மாறுவதைப் பார்த்து அளவைச் சரிபார்ப்போம், உங்களுக்குக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அளந்து கலப்பதே சோதனை. ப்ளீச் வெயிலிலும் சூட்டிலும் தானாகவே வீரியம் இழக்கும், அதனால் தயாரித்த தேதியைப் பார்த்துப் புதியதாக வாங்குங்கள், தண்ணீர் கலந்ததை அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

இனி உங்கள் மகன் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் வாந்தி எடுத்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். மற்றவர்களை அறையை விட்டு வெளியே அனுப்புங்கள், ஜன்னலைத் திறங்கள், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாந்தி தெறிக்கும்போது வைரஸும் பொடித் துளிகளாகக் காற்றில் கலந்து, கண்ணுக்குத் தெரிவதைவிட அகலமாகப் பரவும். காகிதத் துண்டால் மூடி, வெளி ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி அள்ளிப் பையில் போட்டுக் கட்டுங்கள். நேராக ப்ளீச் ஊற்றிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். ப்ளீச்சுக்கு எதிரே வருவது வைரஸா, வாந்தியில் இருக்கும் உணவும் சளியுமா என்று தெரியாது. எதில் பட்டாலும் வினைபுரிந்து தீர்ந்துபோகும், வைரஸுக்குப் போய்ச் சேரும்போது எதுவும் மிச்சமிருக்காது. அதனால் அள்ளிய பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் ஒருமுறை எடுத்துவிட்டு, அதற்கப்புறம் 5,000 பிபிஎம் கரைசலை ஊற்றிப் பரப்புங்கள். கறை தெரியும் இடம் மட்டும் போதாது, சுற்றிலும் இரண்டு மீட்டர் வரைக்கும், கட்டில் காலும் சுவரின் அடிப்பகுதியும் சேர்த்து.

பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். குறைந்தது 5 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும், நான் 10 என்று சொல்வேன், காயும் இடத்தில் மறுபடி நனைக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், குறிப்பாக உலோகம் இருந்தால் அரிக்கும். கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழற்றும்போதுதான் பெரும்பாலும் கையில் படுகிறது. துடைக்கும் துணியை வாளியில் முக்கி முக்கி எடுப்பதும் ஒரு தொல்லை, ஒவ்வொரு முக்கிலும் அழுக்கு உள்ளே போய் ப்ளீச்சைத் தின்றுவிடும். கரைசல் கலங்கலாகத் தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். படுக்கை விரிப்பையும் உடையையும் உதறாமல் சுருட்டி எடுத்து, துணி தாங்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் தனியாகத் துவையுங்கள்.

ப்ளீச் விஷயத்தில் இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின் வரும், இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. ஆன்டிசெப்டிக்கோ சானிடைசரோ சேர்த்தால் வீரியம் கூடும் என்று நினைத்து எதையும் கலக்காதீர்கள், ஒன்று ஒன்றாகவே இருக்கட்டும். ஏற்கெனவே அமிலம் ஊற்றிய கழிப்பறை என்றால் தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பிறகே ப்ளீச். ஸ்ப்ரே செய்யவும் வேண்டாம், ஊற்றித் துணியால் பரப்புங்கள், தெளித்தால் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. கலந்த பாட்டிலில் பெரிதாகப் பெயர் எழுதி, உங்கள் மகன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தோலிலோ புண்ணிலோ இந்தக் கரைசல் படவே கூடாது.

மாமியாருக்கு இன்னும் வாந்தி வரவில்லை போலிருக்கிறது. அவருடைய வயதில் இந்த நோய் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது, வந்தால் உடலின் நீர் வேகமாக வற்றிவிடும். உங்கள் வீட்டில் யாருக்கு நோய் இருக்கிறதோ அவர் அறிகுறி நின்று இரண்டு முழு நாள் ஆகும்வரை மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம், மாமியாரின் புண்ணையும் அந்த நாட்களில் நோய் இல்லாத ஒருவர் கட்டட்டும். முடிந்தால் ஒரு கழிப்பறையை நோய் உள்ளவருக்கென்று ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஃபிளஷ் செய்யும் முன் மூடியைப் போட்டு, தொட்ட இடங்களை 1,000 பிபிஎம் கரைசலால் நனைத்து விடுங்கள். நோய் விட்டுப்போன பிறகும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கும், அதனால் கழிப்பறைக்குப் போய்வந்தால் சோப்பும் தண்ணீரும் என்ற வழக்கத்தை எல்லோருக்கும், உங்கள் மகனுக்கும்தான், அதுவரை விடாதீர்கள். சானிடைசர் பாட்டிலை வெளியே போகும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கை கழுவ வழியில்லாத இடத்துக்கு அது நல்லதுதான்.